இங்கிலீஷ்ல எழுதின மன்னிப்ப அத்தைகிட்ட எப்படிச் சொல்றது?

(எபிசோடின் எழுத்து வடிவம். கேட்கும்போது சரியாக இருந்து, படிக்கும்போது இழுக்கிற இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறேன்.)

காரைக்கால்லேருந்து பேசுறேன். இன்னைக்கு எடுத்துக்கிற விஷயம் நம்மில் நிறைய பேருக்குப் பழக்கமான சிக்கல். இன்ஜினியரிங் படிச்சு, வெளியூர்ல வேலை பார்த்து, நாள் முழுக்க இங்கிலீஷ்ல மெயில் எழுதிப் பழகினவங்களுக்கு மனசுல இருக்கிற பெரிய விஷயம்கூட முதல்ல இங்கிலீஷ்லதான் வரும். ஆனா சொல்ல வேண்டிய ஆள் ஊர்ல இருக்கிற அத்தை. அவங்களுக்கு அது தமிழ்ல போகணும். மன்னிப்பு கேட்கிற நேரத்துல இது ரொம்பவே படுத்தும். அப்படியே தமிழாக்கினா நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கும். சுருக்கி "சாரி அத்த"ன்னு விட்டா, கால் தெரியாம பட்டதுக்குச் சொன்ன மாதிரி ஆயிடும்.

இதைப் பொதுவா பேசாம, ஒரே ஒரு மெசேஜ எடுத்து வரி வரியா பார்க்கலாம். என் நண்பன் ஒருத்தன் எழுதினது. பேரு சொல்லக் கூடாதுன்னான். அவனும் அவன் அத்தையும் சரின்னு சொன்ன பிறகுதான் இதை இங்க பேசுறேன்.

என்ன நடந்தது

நண்பன் பெங்களூர்ல வேலை பார்க்கிறான். அவன் அப்பாவோட கூடப் பிறந்த அக்காதான் இந்த அத்தை. நிரவி பக்கம் இருக்காங்க. அவங்க வீட்டுக்காரர், அதாவது இவனோட மாமா, தவறிட்டார். அந்த வாரம் இவனுக்கு ஒரு ரிலீஸ். சாவுக்கும் வரல, பதினாறாம் நாள் காரியத்துக்கும் வரல. போன்ல பணம் அனுப்பி, கூட இங்கிலீஷ்ல ஒரு வரி போட்டான். அதுக்கப்புறம் மூணு மாசம் போன் பண்ணவே இல்ல.

இதுல வெளியாளுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. நம்ம பக்கம் புருஷன் போன பொண்ணுக்குப் பிறந்த வீட்டுலேருந்து கோடி எடுத்துட்டு வரணும். புதுப் புடவை. கூடப் பிறந்தவன் கொண்டுவந்து கொடுக்கணும். 'உனக்குப் பின்னாடி நாங்க இருக்கோம்'னு சபையில சொல்ற மாதிரி அது. இவன் அப்பா ஏற்கனவே இறந்துட்டார். அந்த இடத்துல நிக்க வேண்டியவன் இவன்தான். அன்னைக்கு வேற ஒரு தூரத்துச் சொந்தக்காரர் கோடி கொடுத்தார். அத்தை ஒண்ணும் சொல்லல. அதுக்கப்புறம் இவன் அம்மாகிட்டயும் பேசுறத குறைச்சுட்டாங்க.

மூணு மாசம் கழிச்சு இவன் ஒரு நீளமான மன்னிப்ப இங்கிலீஷ்ல எழுதினான். உண்மையாவே மனசுலேருந்து வந்தது, நல்லாவும் இருந்தது. அதை அவனே தமிழாக்கி எனக்கு அனுப்பினான். அது இப்படி இருந்தது:

"அன்புள்ள அத்தை, தங்களின் இழப்பிற்கு நான் மிகவும் வருந்துகிறேன். இது மிகவும் தாமதமானது என்பதை நான் அறிவேன். பணிச்சுமை காரணமாக என்னால் வர இயலவில்லை. என் செயல் தங்களைப் புண்படுத்தியிருந்தால் அதற்கு முழுப் பொறுப்பையும் நான் ஏற்றுக்கொள்கிறேன். தாங்கள் எப்போதும் எனக்கு உறுதுணையாக இருந்துள்ளீர்கள். என்னை மன்னிக்க உங்கள் இதயத்தில் இடம் இருக்கும் என நம்புகிறேன். இனி சிறப்பாக நடந்துகொள்வேன் என உறுதியளிக்கிறேன்."

இலக்கணப்படி இதுல தப்பு சொல்ல முடியாது. ஆனா இதை அத்தை படிச்சா, பேங்க்லேருந்து வந்த லெட்டர்னுதான் நினைப்பாங்க.

'சாரி'ங்கிற ஒரு வார்த்தைக்குள்ள ரெண்டு வேலை

முதல் வரியிலேயே சிக்கல். இங்கிலீஷ்ல 'சாரி' ரெண்டு வேலை செய்யும். அடுத்தவங்க துக்கத்துல பங்கெடுக்கவும் சாரி, நான் செஞ்ச தப்புக்கும் சாரி. அதனால அவன் இங்கிலீஷ்ல 'சாரி ஃபார் யுவர் லாஸ்'னு ஆரம்பிச்சு, அப்படியே 'சாரி ஐ வாஸ்ன்ட் தேர்'னு போனப்ப ரெண்டும் ஒரே மூச்சுல ஓடுச்சு.

தமிழ்ல இது ரெண்டும் ரெண்டு தனி விஷயம். சாவு வீட்டுல யாரும் "வருந்துகிறேன்"னு சொல்றதில்ல. போறோம், பக்கத்துல உட்காருறோம், கையப் பிடிச்சுக்கிறோம், "எப்படி ஆச்சு"ன்னு கேக்குறோம். அவங்க சொல்லச் சொல்லக் கேட்டுட்டு இருக்கோம். அதுக்கு நம்ம பேரே துக்கம் விசாரிக்கிறதுதான். ஆறுதல் வார்த்தை சொல்றத விட, விசாரிச்சுக் கேக்குறதுதான் அங்க காரியம்.

அதே நேரத்துல 'வருந்துகிறோம்'ங்கிற சொல்லை நம்ம காது எங்க கேட்டுப் பழகியிருக்கு? தூர்தர்ஷன்ல படம் நின்னு போனா "தடங்கலுக்கு வருந்துகிறோம்"னு அந்தக் காலத்துல ஒரு அட்டை வரும். ரயில் லேட்டானா ஸ்டேஷன் மைக்குல வரும். முகம் தெரியாத ஆபீஸ் ஒண்ணு முகம் தெரியாத கூட்டத்துக்குச் சொல்ற சொல் அது. அதை அத்தைகிட்ட சொன்னா, அந்தத் தூரமும் கூடவே வந்துடும்.

அதனால முதல் வேலை, ரெண்டு சாரியையும் பிரிக்கிறது. தப்புக்கான மன்னிப்ப இப்பவே சொல்லணும். துக்கம் விசாரிக்கிறது இவன் இன்னும் செய்யவே இல்ல. அதை மெசேஜ்ல செஞ்சு முடிக்க முடியாது. அவங்க பேசணும், இவன் கேக்கணும். அதனால அதுக்கு 'நான் வந்து கேக்கணும்'னு மட்டும் சொல்லி வைக்கலாம். இந்தப் பிரிவு வந்ததுமே மெசேஜ் பாதி தெளிவாயிடுச்சு.

பொறுப்பு வினையோட வால்ல இருக்கு

அடுத்தது 'முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறேன்'. இங்கிலீஷ்ல 'ஐ டேக் ஃபுல் ரெஸ்பான்சிபிலிட்டி'ன்னு சொன்னா நேர்மையா இருக்கும். தமிழ்ல அப்படிச் சொல்றது ராஜினாமா பண்ற மந்திரி. வீட்டுப் பேச்சுல பொறுப்பு ஏத்துக்கிறதுக்குத் தனி வாக்கியம் கிடையாது. அது வினைச்சொல்லோட கடைசியில இருக்கு.

இதை ஒரு சின்ன உதாரணத்துல பாருங்க. "மறந்து போச்சு"ன்னு சொன்னா, மறதி தானா வந்து தானா நடந்தது. நான் அங்க ஆளே இல்ல. "மறந்துட்டேன்"னு சொன்னா, மறந்தது நான். ரெண்டும் ஒரே செய்திதான், ஆனா கேக்குறவங்களுக்கு யார் மேல பழின்னு தெரிஞ்சுடும். "கண்ணாடி உடைஞ்சுடுச்சு", "கண்ணாடிய உடைச்சுட்டேன்" ரெண்டுக்கும் இருக்கிற வித்தியாசம் ரெண்டு வயசுக் குழந்தைக்கே தெரியும். திட்டு விழும்னு தெரிஞ்சா முதல்ல சொன்னதைத்தான் சொல்லும்.

'மறந்துட்டேன்'ல இருக்கிற அந்த 'ட்டேன்' எழுத்துத் தமிழ்ல 'விட்டேன்'. ஹெரால்ட் ஷிஃப்மன் 1999ல பேச்சுத் தமிழுக்குன்னே ஒரு இலக்கணப் புத்தகம் எழுதினார். இந்த மாதிரி வினைக்குப் பின்னாடி ஒட்டிக்கிற விடு, கொள், போ, போடு எல்லாத்தையும் அதுல விரிவா பார்க்கிறார். விடு சேர்ந்தா அந்தச் செயல் முழுசா முடிஞ்சு போச்சுன்னு பொருள். அதாவது 'நடந்தது நடந்துடுச்சு, இனி திருப்ப முடியாது'ங்கிற அழுத்தம். மன்னிப்புக்கு வேண்டியது அதுதான்.

இப்போ நண்பனோட வரிக்கு வருவோம். 'என்னால் வர இயலவில்லை'. இதைப் பேச்சாக்கினா "என்னால வர முடியல". எழுத்துத் தமிழ் போயிடுச்சு, சரளமாவும் இருக்கு. ஆனா அவன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: உண்மையிலேயே முடியலையா? பெங்களூர்ல ராத்திரி பஸ் ஏறினா காலைல காரைக்கால். 'முடியல'ன்னா ஏதோ தடுத்ததுன்னு பொருள். அவனை எதுவும் தடுக்கல.

"அப்ப, வரல"ன்னான். சரி. 'வரல' உண்மைதான், ஆனா மொட்டையா இருக்கு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு அவனே சொன்னான்: "வராம இருந்துட்டேன்." அவ்வளவுதான், அந்த ஒரு வரி கிடைச்சதும் மத்தது எல்லாம் தானா வந்துச்சு. 'வராம இருந்துட்டேன்'ல, வந்திருக்க முடியும்னு இருக்கு. வராம இருந்தது நான்னு இருக்கு. அது முடிஞ்சு போச்சு, இனி மாத்த முடியாதுன்னும் இருக்கு. 'முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிறேன்'னு சொல்ல வந்தது முழுக்க இந்த ரெண்டு சொல்லுக்குள்ள வந்துடுச்சு.

இங்க நம்ம தொழில் பத்தியும் ஒண்ணு சொல்லணும். சாஃப்ட்வேர்ல ஏதாவது உடைஞ்சா போஸ்ட்மார்ட்டம் எழுதுவோம். அதுல ஆள் பேரு வரக் கூடாது, யாரையும் குறை சொல்லக் கூடாது, 'இந்த மாற்றம் போனது, சர்வர் நின்றது'ன்னு எழுதணும்னு பழக்குறாங்க. வேலைக்கு அது நல்ல பழக்கம். பயமில்லாம உண்மை வெளிய வரும். ஆனா அதே நடை வீட்டுக்கு வந்தா, "அப்படி ஆயிடுச்சு அத்த", "தப்பு நடந்துடுச்சு"ன்னு வரும். அத்தைக்கு சிஸ்டத்துல எங்க ஓட்டைன்னு தெரிய வேண்டாம். யார் வரலங்கிறதுதான் அவங்களுக்குக் கணக்கு.

'இருந்தா'வும் 'ஆனா'வும்

'என் செயல் தங்களைப் புண்படுத்தியிருந்தால்'. இங்கிலீஷ்ல 'இஃப் ஐ ஹர்ட் யூ' மரியாதைக்காக வர்ற 'இஃப்'. தமிழ்ல அந்த 'இருந்தா' சந்தேகமா கேக்கும். "மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிடுங்க"ன்னா, கஷ்டப்பட்டிருக்க மாட்டீங்க, ஒருவேளை பட்டிருந்தான்னு அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர் ஊரை விட்டுக் கிளம்பும்போது "ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க"ன்னு சொல்றது சரி. அங்க உண்மையிலேயே குறிப்பிட்ட தப்பு இல்ல. இங்க இருக்கு. அதனால 'இருந்தா'வ எடுத்துட்டு, நடந்ததையே சொல்லணும். அன்னைக்குச் சபையில பிறந்த வீட்டு ஆள் யாருன்னு பார்க்கிறப்ப இவன் இல்ல. அதைச் சொன்னாலே போதும், புண்பட்டாங்களான்னு கேக்கவே வேண்டாம்.

காரணம் சொல்றதுக்கும் இதே மாதிரி ஒரு இடம் இருக்கு. இங்கிலீஷ் டிராஃப்ட்ல வேலைப்பளு முதல்லயே வந்துடுச்சு. நம்ம ஊர்ல காரணம் முதல்ல வந்தா அது சாக்கு. 'வேலை இருந்ததால', 'ஏன்னா', 'ஆனா' இந்த மூணையும் தேடி எடுங்க. எடுத்த பிறகும் சொல்லியே ஆகணும்னு ஏதாவது உண்மை மிச்சம் இருந்தா, தப்பை ஒத்துக்கிட்ட பிறகு ஒரே வரியில வரலாம். நண்பனுக்கு அப்படி ஒண்ணு இருந்தது. மூணு மாசம் போன் பண்ணாததுக்குக் காரணம் வேலை இல்ல, பயம். அது வரட்டும்னு விட்டோம். ரிலீஸ் பத்தின பேச்சு முழுக்கப் போயிடுச்சு.

இதுக்குப் பக்கத்துல ரெண்டு பழக்கமான தொடர் இருக்கு, அதுலயும் கவனம் வேணும். "தப்பா எடுத்துக்காதீங்க"ன்னா, நான் செஞ்சது சரி, நீங்க புரிஞ்சுக்கிட்டதுல கோளாறுன்னு ஆகும். இந்த விஷயத்துக்கு அது ஆகவே ஆகாது. "மனசுல வச்சுக்காதீங்க" நல்ல தொடர், ஆனா அதை அவங்க கோவத்தைக் கொட்டின பிறகு சொல்லணும். முன்னாடியே சொன்னா, 'சீக்கிரம் மறந்துடுங்க'ன்னு அவசரப்படுத்துற மாதிரி.

பாசம் எங்க வரும்

அடுத்து 'தாங்கள்'. நண்பன் அத்தையை "நீங்க, வாங்க"ன்னுதான் கூப்பிடுவான். அதனால 'நீங்க' இருக்கட்டும், 'தாங்கள்' போகட்டும். சில வீட்டுல அத்தையை 'நீ'ன்னு கூப்பிடுவாங்க. அப்படிக் கூப்பிடுறவங்க மன்னிப்புக்காகத் திடீர்னு 'நீங்க'ன்னு மாத்தாதீங்க. மரியாதை கூடின மாதிரி உங்களுக்குத் தோணும். அவங்களுக்கு, பையன் அந்நியமாயிட்டான்னு தோணும். வீட்டுல எப்படியோ அப்படியே.

'அன்புள்ள அத்தை'யில இருக்கிற 'அன்புள்ள'வும் வேண்டாம். பேச்சுல அன்பு வர்றது அந்த உறவுப் பேரைத் திரும்பக் கூப்பிடுறதுல. வாக்கியத்தோட கடைசியில, குரல் இறங்குற இடத்துல ஒரு "அத்த". "வராம இருந்துட்டேன் அத்த." 'மனமார்ந்த'ங்கிற சொல்லு செய்ய வந்த வேலைய அது செஞ்சுடும். ஆனா எல்லா வரியிலயும் போட்டா கெஞ்சுற மாதிரி ஆயிடும். மூணு நாலு தடவை போதும்.

'எப்போதும் உறுதுணையாக இருந்துள்ளீர்கள்' வரிய அவன்கிட்ட கேட்டேன், என்ன துணைன்னு. பத்தாவது படிக்கிறப்ப டியூஷன் முடிஞ்சு ராத்திரி அத்தை வீட்டுக்குப் போவான், எவ்வளவு நேரமானாலும் சோறு எடுத்து வச்சிருப்பாங்களாம். அப்போ அதைச் சொல்லலாமேன்னேன். யோசிச்சுட்டு, வேண்டாம்னான். மன்னிப்பு கேக்குறப்ப பழைய பாசத்தைச் சொன்னா, அதைக் காட்டி மன்னிப்பு வாங்குற மாதிரி இருக்கும், நேர்ல போனப்ப சொல்லிக்கிறேன்னான். அவன் சொன்னது சரின்னு எனக்கும் பட்டுச்சு. அந்த வரிய எடுத்துட்டோம்.

'உங்கள் இதயத்தில் இடம் இருக்கும் என நம்புகிறேன்'. இதுக்குத் தமிழ்ல "என்ன மன்னிச்சிடுங்க" போதும். 'இதயம்' சினிமாப் பாட்டுலயும் ஆஸ்பத்திரியிலயும் இருக்கட்டும், வீட்டுல 'மனசு'தான். 'மன்னிச்சிடுங்க', 'மன்னிச்சுக்குங்க' ரெண்டும் நம்ம பக்கம் புழங்குது. என் காதுக்கு ரெண்டாவது கொஞ்சம் லேசா, சின்னத் தப்புக்குச் சொல்ற மாதிரி படுது. இந்தக் கனத்துக்கு முதல்லதான் சரின்னு எடுத்துக்கிட்டோம். இந்த ஒரு இடத்துல மட்டும்தான் மன்னிப்புங்கிற சொல்லே வருது, அதுவும் கடைசிப் பக்கமா.

இங்கிலீஷ் டிராஃப்ட்ல 'உங்களுக்கு நேரம் வேணும்னா புரிஞ்சுக்கிறேன்'னு ஒரு வரியும் இருந்தது, தமிழாக்கும்போது அவனே விட்டுட்டான். விட்டது நல்லது. பெரியவங்களுக்கு நேரம் கொடுக்கிறது நம்ம வேலை இல்ல. ஆனா அந்த வரியில இருந்த நல்ல எண்ணம், அதாவது உங்க கோவத்துக்கு இடம் இருக்குங்கிறது, அதுக்குத் தமிழ்ல ஒரு வழி இருக்கு: "திட்டணும்னா திட்டுங்க." திட்டுற உரிமை உறவுக்காரங்களுக்குத்தான். அந்த உரிமையைத் திருப்பிக் கொடுத்தா, உறவு இன்னும் இருக்குன்னு சொன்ன மாதிரி.

கடைசியா, 'இனி சிறப்பாக நடந்துகொள்வேன்'. இது பள்ளிக்கூடத்துல எழுதிக் கொடுக்கிற மன்னிப்புக் கடிதம். அதுக்குப் பதிலா ஒரு நாள், ஒரு வேளை. "சனிக்கிழமை காலைல வர்றேன்." அதைச் சொல்லணும்னா முதல்ல டிக்கெட் எடுக்கணும். எடுத்தான்.

கடைசியில வந்த வடிவம்

எழுத்துல அனுப்பாம, வாய்ஸ் மெசேஜா அனுப்பினான். அத்தைக்குக் கண்ணாடி இல்லாம போன் படிக்க வராது. எழுத்துல போனா வேற யாராவது சத்தமா படிச்சுக் காட்டணும், நாலு பேருக்குக் கேக்கும். குரல்னா அவங்க தனியா கேட்டுக்கலாம். இதான் அவன் பேசினது:

"அத்த, நான்தான் பேசுறேன். மாமா போனப்ப நான் வரல. வர முடியாமல்லாம் இல்ல. ராத்திரி பஸ் ஏறியிருந்தா காலைல வந்திருப்பேன். வராம இருந்துட்டேன் அத்த. பதினாறாம் நாளு கோடி நான்தான் எடுத்துட்டு வந்திருக்கணும். அப்பா இல்ல, நான்தான் வந்து நின்னிருக்கணும். பணத்த அனுப்பிட்டு சும்மா இருந்துட்டேன். அது பணத்துல ஆகுற காரியம் இல்லன்னு எனக்குத் தெரியும். பொறந்த வீட்டுலேருந்து யாரு வந்திருக்கான்னு அன்னைக்குக் கேட்டிருப்பாங்க. உங்கள அப்படி நிக்க வச்சுட்டேன். அப்புறமும் மூணு மாசம் போன் பண்ணாமலே இருந்துட்டேன். உங்க குரலக் கேக்கவே பயமா இருந்துச்சு. தப்பு என்னோடதுதான் அத்த. என்ன மன்னிச்சிடுங்க. சனிக்கிழமை காலைல வர்றேன். திட்டணும்னா திட்டுங்க. மாமா கடைசியா எப்படி இருந்தாங்கன்னு உங்ககிட்ட உக்காந்து கேக்கணும்."

சத்தமா படிச்சா ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவன் இங்கிலீஷ்ல எழுதினது ஒரு பக்கம். அனுப்புறதுக்கு முன்னாடி அவன் அம்மாகிட்ட பேசிக் காட்டினான். இதுதான் நான் சொல்ற ஒரே பரிசோதனை. அத்தையைத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட வாயால சொல்லிக் காட்டுங்க. எங்க அவங்க முகம் சுளிக்கிறாங்களோ, எங்க 'யாருடா இப்படிப் பேசுவா'ன்னு கேக்குறாங்களோ, அங்க இங்கிலீஷ் இன்னும் ஒட்டிட்டு இருக்கு. அவன் அம்மா 'நிக்க வச்சுட்டேன்' வந்த இடத்துல அழுதுட்டாங்க. வேற எதையும் மாத்தச் சொல்லல.

எழுத்துலதான் கொடுக்கணும்னா

ஒரு சந்தேகம் வரலாம். சிலருக்குக் கடிதமாத்தான் கொடுக்க முடியும். காரைக்கால்ல பிரான்ஸ்ல சொந்தம் இருக்கிற குடும்பங்கள் நிறைய. காது சரியா கேக்காத தாத்தாவுக்குப் பேரன் அங்கேருந்து எழுதித்தான் அனுப்பணும். அப்போ பேச்சு வழக்கை அப்படியே எழுதணுமா?

அவசியம் இல்ல. பழைய ஆட்களுக்குக் கடிதம்னா எழுத்துத் தமிழ்தான் மரியாதை. பேச்சை அப்படியே எழுதினா விளையாட்டா எடுத்துக்குவாங்க. சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959ல 'டைக்ளோசியா'ன்னு ஒரு கட்டுரை எழுதினார். ஒரே சமூகம் ஒரே மொழியில ரெண்டு நடையை வச்சுக்கிட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் ஒதுக்கும்னு சொன்னார். நம்ம தமிழுக்கு அது அப்படியே பொருந்தும். எந்த நடையும் தன் இடத்துல இருந்தா உறுத்தாது.

பாசம் போறது எழுத்துத் தமிழால இல்ல, பெயர்ச்சொல் வரிசையால. 'மனமார்ந்த மன்னிப்பைத் தெரிவித்துக்கொள்கிறேன்'ல செயலே இல்ல. 'தெரிவிக்கிறேன்'தான் செயல். அதை விட்டுட்டு, "நான் வராமல் இருந்துவிட்டேன் தாத்தா. வந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடுங்கள்"னு எழுதிப் பாருங்க. சுத்தமான எழுத்துத் தமிழ்தான். ஆனா விடு அதே இடத்துல இருக்கு, தாத்தா அதே இடத்துல இருக்கார், 'இருந்தால்' இல்ல, 'காரணமாக' இல்ல. பேச்சுல வேலை செஞ்ச எல்லாமே இங்கயும் வேலை செய்யும்.

இதுக்கு ஒரு எல்லையும் உண்டு. இதெல்லாம் உறவுக்கும் வயசுக்கும் கட்டுப்பட்டது. அதே நண்பன் தன்கூடப் படிச்சவன்கிட்ட 'மன்னிச்சிடு'ன்னு சொன்னா, அவன் சிரிச்சுடுவான். அங்க "சாரிடா, நான் பண்ணது தப்பு"தான் கனமான வாக்கியம். சொல் மாறும். ஆனா வினைக்குச் சொந்தக்காரனா நான் நிக்கிறேனா, நழுவுறேனாங்கிறது எங்க போனாலும் கேக்குறவங்களுக்குத் தெரியும்.

அத்தை அந்த மெசேஜுக்கு அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலைல அவன் அம்மாவுக்குப் போன் பண்ணி, சனிக்கிழமை அவன் அமாவாசை விரதம் ஏதும் இருக்கானா, மீன் வாங்கலாமான்னு கேட்டாங்களாம். மன்னிச்சுட்டேன்னு சொல்லல. போனப்ப நல்லா திட்டினாங்கன்னும் சொன்னான். மாமாவோட கடைசி ரெண்டு நாளைப் பத்தி மத்தியானம் வரைக்கும் பேசினாங்களாம்.

உங்க வீட்டுல இப்படிச் சொல்ல முடியாம நிக்கிற ஒரு வரி இருந்தா, பேரு ஊரு எல்லாம் எடுத்துட்டு அனுப்புங்க. யார்கிட்ட சொல்லணும், வீட்டுல அவங்கள எப்படிக் கூப்பிடுவீங்கன்னு மட்டும் மறக்காம எழுதுங்க. அது தெரியாம ஒரு வரியும் மாத்த முடியாது. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.